ஏ.பி.ஜி. ரிப்போர்ட்டில் pCO2 18: குறைவா, சரியா? அமில-காரச் சமநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தின் வாயு அளவுகளைக் காட்டும் ரிப்போர்ட்டை எண் எண்ணாகப் படித்தால் குழப்பமே மிஞ்சும். ஒரு எண் சரியா தவறா என்பதைப் பக்கத்தில் இருக்கும் எண்தான் சொல்லும். அதைக் காட்ட ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கடைசிவரை பின்தொடர்கிறோம். விளக்கத்துக்காக நாங்களே அமைத்த எடுத்துக்காட்டு இது. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள 24 வயதுப் பெண், இரண்டு நாளாக வாந்தி. சாப்பிடாததால் இன்சுலினையும் நிறுத்திவிட்டார். நிமிடத்துக்கு 34 முறை, ஆழமாக மூச்சு விடுகிறார். ஆக்சிஜன் வைக்கவில்லை.

```
pH       7.14
pCO2     18   mmHg
pO2      112  mmHg
HCO3-    6    mmol/L
BE       -21
Na+      132  mmol/L
Cl-      96   mmol/L
K+       5.4  mmol/L
Glucose  468  mg/dL
Lactate  1.6  mmol/L
```

எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முதலில் pH. இயல்பான அளவு 7.35 முதல் 7.45 வரை. இங்கே 7.14, அதாவது ரத்தம் அமிலப் பக்கம் போயிருக்கிறது. அடுத்து, அந்தப் பக்கம் இழுத்தது யார் என்று பாருங்கள். ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் அமிலம் கூடும். பைகார்பனேட் குறைந்தாலும் அமிலம் கூடும். கரியமில வாயுவைக் காட்டும் pCO2 இங்கே 18. இயல்பு 35 முதல் 45. கரியமில வாயு குறைந்தால் ரத்தம் காரப் பக்கம்தான் போக வேண்டும், ஆகவே அது குற்றவாளி அல்ல. பைகார்பனேட்டின், அதாவது HCO3-இன் இயல்பு 22 முதல் 26, இங்கே 6. இழுத்தது இதுதான். இதற்குப் பெயர் வளர்சிதை அமிலத்தன்மை.

pH அளவுகோலில் சின்ன எண் வித்தியாசம் பெரிய மாற்றத்தை மறைக்கும். 7.40 என்றால் லிட்டருக்கு 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி. 7.14 என்றால் 72. பார்வைக்குக் கால் புள்ளி இறங்கியதுபோல் இருந்தாலும் அமிலம் கிட்டத்தட்ட இருமடங்கு ஆகியிருக்கிறது.

உடம்பில் இவ்வளவு அமிலம் எங்கிருந்து வருகிறது? வழக்கமாக அதை யார் வெளியேற்றுகிறார்கள்?

இரண்டு வகை, இரண்டு வாசல். உணவை எரித்து ஆற்றலாக்கும்போது பெரியவர் ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 மில்லிமோல் கரியமில வாயு உண்டாகிறது. அது மூச்சோடு போய்விடும். மூச்சில் போகாத அமிலம், புரதத்திலிருந்து வரும் கந்தக அமிலம் போன்றவை, எடையில் கிலோவுக்கு சுமார் 1 மில்லிமோல்தான். அதைச் சிறுநீரகம் அம்மோனியமாகவும் பாஸ்பேட்டோடு சேர்த்தும் சிறுநீரில் தள்ளுகிறது.

அளவில் சிறியது என்று இந்த இரண்டாவது வகையை அலட்சியப்படுத்த முடியாது, ஏனென்றால் அந்த வாசல் மெதுவாகத் திறக்கும். நுரையீரல் சில நிமிடங்களில் வேகம் கூட்டிவிடும். சிறுநீரகம் முழு வேகத்துக்கு வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை உடைத்து மணிக்கணக்கில் கீட்டோ அமிலங்களைக் கொட்டும்போது சிறுநீரகத்தால் ஈடுகொடுக்க முடியாது. அதுவரை தாங்குவது பைகார்பனேட்தான். ஒவ்வொரு அமிலத் துகளையும் பிடித்து, தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றித் தானும் கரைந்துபோகிறது. 24 ஆக இருந்தது 6 ஆகியிருக்கிறது என்றால், லிட்டருக்கு 18 மில்லிமோல் செலவாகிவிட்டது என்று பொருள்.

pCO2 18 என்று ரொம்பக் குறைவாக இருக்கிறதே, நுரையீரலில் ஏதாவது கோளாறா?

இல்லை. இந்த ரிப்போர்ட்டிலேயே ஆறுதலான எண் அதுதான். அமிலம் கூடியதை மூளைத்தண்டு உணர்ந்து, மூச்சை ஆழமாக்கிக் கரியமில வாயுவை வாரி வெளியே தள்ளுகிறது. சர்க்கரை நோய் மயக்கத்தில் வரும் இந்த ஆழ்ந்த மூச்சை 1874-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். பார்ப்பவருக்கு இளைப்பு நோய்போலத் தெரியும். ஆனால் நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்தால் காற்று இரண்டு பக்கமும் தெளிவாகப் போய்வரும், விசில் சத்தம் இருக்காது. ஆக்சிஜனைக் காட்டும் pO2 112 இருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது.

குறைவாக இருக்கிறது, சரி. ஆனால் குறைய வேண்டிய அளவுக்குக் குறைந்திருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ரிப்போர்ட்டை மூடிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. வளர்சிதை அமிலத்தன்மையில் இருக்க வேண்டிய pCO2-வைக் கணக்கிட 1967-இல் வெளியான ஒரு சூத்திரம் இருக்கிறது. விண்டர்ஸ் சூத்திரம் என்பார்கள்.

```
pCO2 = (1.5 x HCO3) + 8  ± 2
     = (1.5 x 6) + 8
     = 17 ± 2
```

15 முதல் 19 வரை இருக்கலாம். இருப்பது 18. ஆக, நுரையீரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இருப்பது ஒரே கோளாறு. இதே பைகார்பனேட்டோடு pCO2 10 என்று வந்திருந்தால் மூச்சை வேறொன்றும் தூண்டுகிறது என்று எண்ண வேண்டும். காய்ச்சலோடு வந்த கிருமித்தொற்றாக இருக்கலாம், அதிக அளவு ஆஸ்பிரினாக இருக்கலாம்.

இரண்டு மணி நேரம் கழித்து pCO2 28 ஆகியிருக்கிறது. இயல்பை நோக்கி ஏறுவது நல்லதுதானே?

பைகார்பனேட்டும் கூடவே ஏறியிருந்தால் நல்லது. அது 6-லேயே நின்று pCO2 மட்டும் 28 ஆனால், நோயாளி களைத்துப்போகிறார். கணக்கு எளிது:

```
H+ = 24 x pCO2 / HCO3
```

24-ஐ 28-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 112 நானோமோல். pH 6.95. கட்டிலருகே நின்று பார்ப்பவருக்கு மூச்சு வேகம் 34-லிருந்து 22-க்கு வந்ததாகத் தெரியும், "அடங்கிவிட்டார்" என்று தோன்றும். பேச்சு குழறுவதும் கூப்பிட்டால் கண் திறக்கத் தாமதிப்பதும்தான் உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

இதே கணக்கு வென்டிலேட்டருக்கும் பொருந்தும். மூச்சு வாங்குகிறதே என்று மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு, வழக்கம்போல் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்துவிட்டால் pCO2 இயல்பான 40-க்கு வந்துவிடும். அந்த "இயல்பு" ஹைட்ரஜன் அயனியை 160-க்குக் கொண்டுபோகும், pH 6.80 ஆகும். மருந்தால் மூச்சு நின்று, குழாய் போட்டு முடிக்கும்வரையிலான ஓரிரு நிமிடம்கூட ஆபத்தானது. அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளிக்குக் குழாய் போடுவதை இயன்றவரை தவிர்க்கிறார்கள். வேறு வழியே இல்லை என்றால், அவர் தானாக விட்ட வேகத்துக்கு ஈடாகவே இயந்திரத்தையும் ஓட்டி, சீக்கிரமே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அமிலம் சேர்ந்திருக்கிறது என்பது புரிகிறது. எந்த அமிலம் என்று இந்த ரிப்போர்ட்டே சொல்லுமா?

பெயரைச் சொல்லாது, குடும்பத்தைச் சொல்லும். சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது ஆனயான் கேப். ரத்தத்தில் நேர்மின், எதிர்மின் அயனிகள் எப்போதும் சமம். நாம் வழக்கமாக அளக்காத எதிர்மின் அயனிகள் எவ்வளவு கூடியிருக்கின்றன என்பதை இந்த இடைவெளி காட்டும்.

```
Na - (Cl + HCO3) = 132 - (96 + 6) = 30
```

இயல்பு ஏறக்குறைய 8 முதல் 12. நாம் 12 என்று வைத்துக்கொள்வோம், 18 கூடியிருக்கிறது. பைகார்பனேட் குறைந்ததும் 18. இது தற்செயல் அல்ல. கீட்டோ அமிலத்தின் அமிலப் பாதி பைகார்பனேட்டைத் தின்றுவிட்டது, கீட்டோன் பாதி ரத்தத்திலேயே தங்கிவிட்டது. ஒன்று போன இடத்தில் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. எல்லா நோயாளிக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. ஆனாலும் இரண்டு எண்களும் வெகுவாக விலகியிருந்தால் இரண்டாவது கோளாறு ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

லாக்டேட் 1.6 என்பதால் லாக்டிக் அமிலம் காரணமல்ல. சர்க்கரை 468. ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற கீட்டோனைப் பார்த்துவிட்டால் முடிந்தது. கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். அது அசிட்டோ அசிட்டேட் என்ற இன்னொரு கீட்டோனைத்தான் காட்டும். தீவிரமான கட்டத்தில் அதிகம் இருப்பது பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட், அதைப் பட்டை காட்டாது. சிகிச்சையில் முன்னது பின்னதிலிருந்து உருவாகும்போது, நோயாளி தேறிவரும் நேரத்தில் பட்டை இன்னும் அடர்ந்த நிறம் காட்டி வீணாகப் பயமுறுத்துவதும் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை அதிகம் என்பதற்காகத் திருத்திய சோடியத்தை இந்தக் கணக்கில் போடக் கூடாது. அளந்த எண்ணையே போடுங்கள். அல்புமின் குறைந்தவர்களுக்குக் கேப் பொய்யாகச் சின்னதாகத் தெரியும். அல்புமின் 4-லிருந்து 1 கிராம் குறைந்தால் கேப்போடு 2.5 கூட்டிக்கொள்ள வேண்டும்.

பைகார்பனேட்தானே குறைந்திருக்கிறது. அதையே ஊசியாகக் கொடுத்தால் முடிந்ததே?

கேட்கச் சரியாகத்தான் தோன்றும். கொடுத்த பைகார்பனேட் அமிலத்தைப் பிடித்ததும் கரியமில வாயுவாக மாறும். ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடும் நுரையீரல் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பொட்டாசியம் மளமளவென்று இறங்கும். முக்கியமாக, அமிலம் உற்பத்தியாவது நிற்காது. அதை நிறுத்துவது இன்சுலின் ஒன்றே. இன்சுலின் வேலை செய்யத் தொடங்கியதும் தேங்கி நிற்கும் கீட்டோன்களை உடம்பே எரித்து, பைகார்பனேட்டைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே pH 7.0-க்குக் கீழே போனால்தான் பைகார்பனேட்டை யோசிக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் 7.14, தேவையில்லை.

பொட்டாசியம் 5.4 என்று கூடுதலாக இருக்கிறதே, குறைக்க மருந்து வேண்டாமா?

வேண்டாம். ரத்தத்தில் கூடுதல், உடம்பில் பற்றாக்குறை. இன்சுலின் இல்லாததாலும் சர்க்கரை நீரை இழுப்பதாலும் பொட்டாசியம் செல்லுக்குள்ளிருந்து ரத்தத்துக்கு வந்திருக்கிறது. மொத்தக் கையிருப்போ இரண்டு நாளாகச் சிறுநீரிலும் வாந்தியிலும் போய்க்கொண்டிருக்கிறது. இன்சுலின் ஏறியதும் எல்லாம் செல்லுக்குள் திரும்பும், எண் சரியும். தொடக்கத்திலேயே 3.5-க்குக் கீழே இருப்பவருக்கு இன்சுலினுக்கு முன் பொட்டாசியம் ஏற்ற வேண்டியது இதனால்தான். இல்லையென்றால் இதயத் துடிப்பே தடுமாறும்.

14 மணி நேரம் இன்சுலினும் சலைனும் போன பிறகும் பைகார்பனேட் 14-தான். கீட்டோன் இன்னும் போகவில்லையா?

மறு ரிப்போர்ட்டை முழுதாகப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது.

```
pH       7.30
pCO2     29
HCO3-    14
Na+      138
Cl-      112
```

கேப்பைக் கணக்கிடுங்கள்: 138-இல் 126 போனால் 12. கீட்டோன் போய்விட்டது. ஆனாலும் ரத்தம் அமிலமாகவே இருக்கிறது, குளோரைடு 96-லிருந்து 112-க்கு ஏறியிருக்கிறது. இது வேறு அமிலத்தன்மை; காரணம் இரண்டு.

ஒன்று, ஏற்றிய சலைன். 0.9 சதவீத சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம், 154 மில்லிமோல் குளோரைடு. ரத்தத்தில் குளோரைடு வழக்கமாக 100-ஐ ஒட்டியே இருக்கும். பல லிட்டர் ஏற்றும்போது குளோரைடு கூடுகிறது, அதற்கு இடம்விட்டு பைகார்பனேட் குறைகிறது. இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. எரிந்து பைகார்பனேட்டாக மாறியிருக்க வேண்டிய கீட்டோன்களில் ஒரு பகுதி முன்பே சிறுநீரில் போய்விட்டது. மூலப்பொருள் கைவிட்டுப் போனதால், அந்த அளவுக்குச் சிறுநீரகம் புதிதாகப் பைகார்பனேட் செய்தாக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

விண்டர்ஸ் சூத்திரத்தை இங்கேயும் போட்டுப் பாருங்கள்: 1.5 பெருக்கல் 14, கூட்டல் 8, விடை 29. அப்படியே பொருந்துகிறது. பைகார்பனேட் ஏறவில்லையே என்று இன்சுலின் வேகத்தைக் கூட்டுவதில் பயனில்லை. சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்துதான் மிச்சம். தேறிவருவதை அளக்க கேப்பையும் ரத்தக் கீட்டோனையும் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்களையே எந்த அளவுக்கு நம்பலாம்?

முதலில் எண்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மேலே சொன்ன சூத்திரத்தில் pCO2 18, பைகார்பனேட் 6 போட்டால் ஹைட்ரஜன் அயனி 72 வரும், pH 7.14-க்கும் அதுவேதான். pH 7.20-க்கும் 7.50-க்கும் இடையில் இருந்தால் மனக்கணக்கே போதும்: 80-இலிருந்து pH-இன் புள்ளிக்குப் பின்னுள்ள இரண்டு இலக்கத்தைக் கழியுங்கள். 7.30 என்றால் 50. கருவி அளப்பது pH-ஐயும் pCO2-வையும்தான், பைகார்பனேட்டை அது கணக்கிட்டே தருகிறது. அதனால் இங்கே பொருத்தமின்மை தெரிந்தால் பெரும்பாலும் எண்ணை எடுத்தெழுதியதில்தான் பிழை இருக்கும்.

ரத்தம் எடுத்த விதத்தில் நேரும் பிழையை இந்தச் சோதனை பிடிக்காது. சிரிஞ்சுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் pCO2 குறையும், pO2 அறைக் காற்றின் 150-ஐ நோக்கி நகரும். திரவ ஹெப்பரினைச் சிரிஞ்சில் மிச்சம் வைத்துவிட்டு அரை மில்லி ரத்தம் மட்டும் எடுத்தால், அந்த மருந்தே ரத்தத்தை நீர்க்கச் செய்து pCO2, பைகார்பனேட் இரண்டையும் குறைத்துக் காட்டும். இல்லாத வளர்சிதை அமிலத்தன்மை இருப்பதுபோல் தோன்றும். உலர் ஹெப்பரின் பூசிய சிரிஞ்சு இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். எடுத்த ரத்தத்தை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் சும்மா இருப்பதில்லை. pO2 குறையும், pCO2 கூடும், pH இறங்கும். அறை வெப்பத்தில் 30 நிமிடத்துக்குள் கருவியில் ஏற்றிவிட வேண்டும்.

மணிக்கட்டில் குத்தினால் வலி உயிர் போகிறது. சாதாரண ரத்தத்தில் பார்க்க முடியாதா?

இந்தக் கீட்டோ அமில நோயைப் பின்தொடரப் பெரும்பாலும் முடியும். சிரை ரத்தத்தின் pH தமனியைவிட 0.03 அளவுக்குத்தான் குறைவு, பைகார்பனேட் ஒன்றிரண்டு கூடுதல். ஆக்சிஜன் நிலையைத் தெரிந்துகொள்ளவும், pCO2-வைத் துல்லியமாகப் பார்க்கவும், ரத்த ஓட்டம் மோசமாக இருக்கும்போதும் தமனி ரத்தமே வேண்டும். எடுத்த பிறகு குத்திய இடத்தைக் குறைந்தது 5 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுபவருக்கு இன்னும் கூடுதலாக.

pH 7.40, pCO2 40, HCO3 24. எல்லாம் இயல்பு. நிம்மதியாக இருக்கலாமா?

சோடியத்தையும் குளோரைடையும் பார்த்த பிறகு சொல்லலாம். இன்னொரு சர்க்கரை நோயாளிக்கு இப்படி வந்து, சோடியம் 140, குளோரைடு 86 என்றால் கேப் 30. அமிலம் லிட்டருக்கு 18 மில்லிமோல் சேர்ந்திருக்கிறது. ஆனால் பைகார்பனேட் இறங்கவில்லை. ஏன்? விடாத வாந்தியில் இரைப்பை அமிலம் வெளியே போய், பைகார்பனேட் 42 வரை ஏறியிருக்க வேண்டிய உடம்பு இது. அதைக் கீட்டோ அமிலம் 24-க்கு இழுத்து வைத்திருக்கிறது. இரண்டு பெரிய கோளாறுகள் எதிரெதிரே இழுத்ததில் முள் நடுவில் நிற்கிறது. வாந்திக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால், காரம் சேருவது நின்றுவிடும், கீட்டோ அமிலம் சேர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த ரிப்போர்ட்டில் pH சரிந்திருக்கும்.